தலைப்பிரசவத்துக்கு ஒரு ஒத்திகை: வகுப்பு, துணை, வீட்டுப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷம் லேபர் ரூமில் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது கர்ப்பிணிகளுக்கும் அவர்களோடு வருகிறவர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். முதல் பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் முதலில். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தக்கசிவு இருக்கிறது, ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இதில் உள்ள பயிற்சிகளை அவரிடம் காட்டிக் கேட்ட பிறகே செய்யுங்கள்.

எந்த மாசத்தில் வகுப்பில் சேர வேண்டும்? அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள்?

28 வாரத்துக்கு மேல் சேர்ந்து 36 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ரொம்ப முன்னால் வந்தால் கற்றது மறந்துபோகும். 37-ல் வந்தால் பழகிப் பார்க்க நாள் இருக்காது.

பெரும்பாலான வகுப்புகள் நான்கைந்து அமர்வாக நடக்கும். கருப்பை வாய் எப்படித் திறக்கிறது, வலி எப்படி வளர்கிறது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது, மூச்சு, உட்காரும் நிற்கும் நிலைகள், வலி குறைக்கும் மருந்துகள், சிசேரியன், முதல் பால் கொடுப்பது. இவ்வளவுதான் பாடத்திட்டம். எந்த வகுப்பு நல்ல வகுப்பு என்று கேட்டால், நாற்காலியில் உட்காரவைத்துப் படம் காட்டி அனுப்புகிறார்களா, இல்லை எழுந்து நின்று செய்துபார்க்க வைக்கிறார்களா என்று பாருங்கள் என்பேன். வலி நேரத்தில் படித்தது ஞாபகத்துக்கு வராது. கை பழகியது வரும்.

என் வீட்டுக்காரரை லேபர் ரூமுக்குள் விடுவார்களா?

ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் கூட ஒருவர் இருக்கும் ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. ஆனால் பல கர்ப்பிணிகள் ஒரே அறையில் இருப்பதால் துணைக்கு வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பார்கள். அம்மா, அக்கா, மாமியார், இப்படி யாராவது. 2016-ல் மத்திய அரசு எல்லா மாநில அரசு மருத்துவமனைகளுக்கும் இதே அனுமதியைச் சொன்னபோதும் பெண் உறவினருக்கே முதலிடம் கொடுத்தது. தனியார் மருத்துவமனைகளில் தனி அறை இருந்தால் கணவரை விடுகிறார்கள். சில இடங்களில் விடுவதில்லை.

இதை 32 வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். "விடுவீங்களா?" என்று மட்டும் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: வலி ஆரம்பித்ததிலிருந்து இருக்கலாமா, கடைசியில் மட்டுமா? இரவிலும் விடுவீர்களா? ஒருவர் வெளியே வந்து இன்னொருவர் உள்ளே போகலாமா? உள் பரிசோதனையின்போது வெளியே அனுப்புவீர்களா? ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றினால் கூட வரலாமா? மருத்துவரிடம் கேட்டதோடு நிறுத்தாமல், லேபர் ரூம் சிஸ்டரிடமும் ஒருமுறை கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவருகே நிற்கப்போவது அவர்தான்.

துணைக்கு ஆள் இருந்தால் உண்மையில் என்ன வித்தியாசம்? டாக்டர், நர்ஸ் எல்லாம் இருக்கிறார்களே.

ஒரு சிஸ்டர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேரைப் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றது அபூர்வம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே ஆள் கூட இருப்பதன் பலன் பல நாடுகளில் ஆராயப்பட்டிருக்கிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடியிருந்தது, வலி நேரம் ஓரளவு குறைந்திருந்தது, வலி மருந்து தேவைப்பட்டதும் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. "தானே தேர்ந்தெடுத்த" என்பதைக் கவனியுங்கள். வீட்டில் மூத்தவர் என்பதால் ஒருவரை உள்ளே அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெண்ணுக்கு அவரிடம் கூச்சமோ பயமோ இருந்தால் அந்தத் துணையால் பலனில்லை.

எனக்குத் தாய்வீட்டில் பிரசவம். அவர் வேறு ஊரில் வேலை. அவர் வகுப்புக்கு வந்து என்ன ஆகப்போகிறது?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். வகுப்பில் இடுப்பை அழுத்திப் பழகிய கணவர் ஓசூரில் இருப்பார். பிரசவ அறையில் நிற்கப்போகும் அம்மா வகுப்புப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

அதனால் உள்ளே நிற்கக்கூடியவர் யாரோ, அவரோடும் ஒத்திகை பார்க்க வேண்டும். கணவர் கற்றதை மாமியாருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கூச்சமாக இருந்தால் பெண்ணே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், "இங்க அழுத்தும்மா" என்று. அம்மாக்களுக்கு அனுபவம் உண்டு. ஆனால் அது அவர்கள் பெற்ற அனுபவம், பக்கத்தில் நின்ற அனுபவம் இல்லை. பலரைத் தனியாகப் படுக்கவைத்திருப்பார்கள், சத்தம் போட்டதற்குத் திட்டியிருப்பார்கள். மகள் கத்தும்போது அந்தப் பழைய பயம் அவர்களுக்கு மேலே வந்துவிடும். ஒத்திகை மகளைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் தேவை என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

மூச்சுப் பயிற்சி செய்தால் வலி தெரியாது என்கிறார்களே?

தெரியும். வலியைப் போக்கும் வித்தை மூச்சில் கிடையாது. வலிக்குப் பயந்து உடம்பு முழுக்க இறுகுவதை அது தளர்த்தும். ஒரு வலி வந்து போக ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை எளிது. மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல வாயால் நீளமாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். விடும்போது தோள் இறங்குகிறதா, தாடை தளர்கிறதா என்று துணைக்கு இருப்பவர் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்தால் இடுப்புக்குக் கீழேயும் இறுகும். "ஊ" என்று அடித்தொண்டையில் சத்தம் விட்டால் இன்னும் நல்லது. கீச்சென்று மேலே போகும் சத்தம் பயத்தின் அறிகுறி. துணை கூடவே சேர்ந்து "ஊ" என்று இறக்கினால் பெண்ணின் சத்தமும் தானாக இறங்கும்.

விரல் நுனி மரத்துப்போவது, உதட்டைச் சுற்றிச் சுருக்கென்று இருப்பது, தலை சுற்றுவது எல்லாம் மூச்சு வேகமாகப் போகிறது என்பதற்கு அடையாளம். "மெதுவா விடு" என்று சொல்வதைவிட, முகத்துக்கு நேரே நின்று நீங்கள் மெதுவாக விட்டுக் காட்டுவது சீக்கிரம் பலிக்கும்.

பொய்வலி எது, நிஜவலி எது? எப்போது கிளம்புவது?

பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும். நடந்தால், இடம் மாறிப் படுத்தால், வெந்நீர் ஊற்றிக்கொண்டால் அடங்கும். நம் வீடுகளில் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்து, "அடங்கினா சூட்டுவலி" என்பார்கள். குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கவனிக்க ஒரு சாக்கு கிடைக்கிறது, அது நல்லதுதான். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்காகி உடம்பில் நீர் வற்றி, லேபர் ரூமுக்கு வரும்போதே களைத்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிஜவலி போகப்போக நெருங்கும், நீளும், பலமாகும். நேரம் குறிப்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரு வலி ஆரம்பித்ததிலிருந்து அடுத்த வலி ஆரம்பிப்பது வரைதான் இடைவெளி. 2:00-க்கு ஆரம்பித்து 50 வினாடியில் அடங்குகிறது, அடுத்தது 2:05-க்கு என்றால் இடைவெளி ஐந்து நிமிஷம். வலி நின்றதிலிருந்து கணக்குப் போடக் கூடாது. இரண்டு எண்களையும் எழுதுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது. எல்லா வலியையும் எழுத வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்தாறு வலியைக் குறித்தால் போதும். இரவு முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருக்கும் துணை விடிவதற்குள் சோர்ந்துவிடுவார்.

முதல் பிள்ளைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புவது. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் ஏழெட்டு நிமிஷத்திலேயே கிளம்பலாம்.

வலியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டிய நேரங்கள் உண்டு. பனிக்குடம் உடைந்தால் மணியைக் குறித்துக்கொண்டு, நிறத்தையும் பார்த்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் தாமதமே கூடாது. தீட்டுபோலச் சிவப்பாக ரத்தம் போவது, பிள்ளையின் அசைவு குறைவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன்னால் வலி, இவற்றுக்கெல்லாம் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. வண்டி இல்லாவிட்டால் 108. சளிபோலக் கெட்டியாக, இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் படுவது மட்டும் சாதாரணம். கருப்பை வாய் தயாராகிறது என்று அர்த்தம்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பது என்றால் எப்படி? நடிக்க வேண்டுமா?

கொஞ்சம் நடிக்கத்தான் வேண்டும். முதல் தடவை சிரிப்பு வரும், வரட்டும். 34 வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போதும்.

பனிக்கட்டியில் ஆரம்பியுங்கள். ஒரு ஐஸ்கட்டியை உள்ளங்கையில் இறுக்கி மூடி ஒரு நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். முதல் நிமிஷம் எதுவும் செய்யாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி. இரண்டாவது, கண்ணை மூடிக் காபி ஊதும் மூச்சோடு. மூன்றாவது, துணை ஒருவர் தோளில் கைவைத்து, காதருகே மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க. நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. பிரசவ வலி ஐஸ்கட்டி மாதிரி இருக்காது, தெரியும். ஆனால் எந்தக் குரல் உதவுகிறது, எந்தத் தொடுதல் எரிச்சலூட்டுகிறது என்பது அந்த மூன்று நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு பெண் தன் கணவரிடம், "எண்ணிக்கிட்டே இருக்காதே, இன்னும் எவ்வளவு இருக்குன்னு பயமா இருக்கு" என்றாள். இன்னொருத்திக்கு எண்ணினால்தான் தாங்க முடிந்தது. பிரசவ அறையில் இதைக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது.

அடுத்தது இரவு ஒத்திகை. ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். பெண்ணின் தாய்வீடு அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். ஆஸ்பத்திரி புதுக்கோட்டையில், வண்டியில் ஒரு மணி நேரம். கணவருக்கு ஓசூரில் வேலை, கிளம்பினால் ஆறேழு மணி நேரப் பயணம். ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் விடுவார்கள், ஆனால் ஆள் மாறிக்கொள்ளலாம் என்றார்கள்.

36-ஆவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவர் ஊருக்கு வந்திருந்தபோது, இரவு ஒன்பது மணிக்கு மேல் மூவரும் சேர்ந்து செய்துபார்த்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு, "இப்ப வலி வருது" என்று அவள் சொல்ல, ஒரு நிமிஷம் அம்மா கூட நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டுவது, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து முதுகுச் சாய்மானத்தில் தலைகவிழ்வது, கட்டிலில் தலையணை அடுக்கி அதன்மேல் சாய்ந்து மண்டியிடுவது, கணவர் கழுத்தில் கைகோத்துத் தொங்குவது. ஒவ்வொரு நிலையிலும் இரண்டு வலி. நடுவில் இரண்டு மடக்குத் தண்ணீர். பிறகு பாத்ரூம் போய் வருவது, ஏனென்றால் மூத்திரப்பை நிறைந்திருந்தால் தலை இறங்க இடம் கிடைக்காது. நிஜத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்த வேண்டியது துணையின் வேலை.

அப்போதுதான் சில விஷயங்கள் தெரிந்தன. மண்டியிட்டால் அவளுக்கு முழங்கால் வலித்தது, போர்வையை நான்காக மடித்துக் கீழே போட வேண்டியிருந்தது. அம்மாவுக்குத் தோள்வலி, பத்து நிமிஷத்துக்கு மேல் இடுப்பை அழுத்த முடியவில்லை. டென்னிஸ் பந்தை வைத்து அழுத்தினால் முடிந்தது. வண்டி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் இரவில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர். அவருடைய மனைவியின் எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிவரை ஒருமுறை போய்வந்தார்கள். பின்சீட்டில் ஒருக்களித்துச் சாய்ந்து மூச்சுவிட்டுப் பார்த்தாள். இரவில் முன்வாசல் பூட்டியிருக்கும், அவசரப் பிரிவு வழியாகத்தான் வர வேண்டும் என்று காவலாளி சொன்னார்.

வலி வந்தது இரண்டு வாரம் கழித்து, இரவு பத்தரைக்கு. பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அவர்கள் முன்பே பேசிவைத்தபடி, நிஜவலியா என்று தெரிவதற்கு முன்பே ஓசூருக்குப் போன் போனது. பொய்வலியாக இருந்தால் ஒருநாள் லீவு வீண், அவ்வளவுதான் என்று முடிவெடுத்திருந்தார்கள். அவர் பதினொன்றரைக்குக் கிளம்பினார். வீட்டில் சாப்பிட்டாள், கொஞ்சம் தூங்கினாள். மூன்று மணிக்கு ஏழு நிமிஷமானதும் கிளம்பி நான்குக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். "மூணு விரல்" என்றார் சிஸ்டர், கருப்பை வாய் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா உள்ளே நின்றார். ஆறரைக்குக் கணவர் வந்து சேர்ந்ததும் அம்மா காபி குடிக்க வெளியே வந்தார். பிள்ளை பத்தேகாலுக்குப் பிறந்தது.

முதல் பிரசவத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம், அதற்கு முந்தைய கட்டம் ஒருநாள்கூட நீளலாம். தூரத்தில் இருப்பவர் வந்து சேர்வதற்கு இந்த நீளம்தான் வழிவிடுகிறது. ஆனால் முதல் போன் சீக்கிரம் போக வேண்டும்.

இடுப்பை எங்கே, எவ்வளவு அழுத்துவது?

இடுப்பு மடிப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, முக்கோணமாக ஒரு தட்டை எலும்பு இருக்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். கைபலத்தால் அழுத்தினால் ஐந்து வலிக்குமேல் தாங்க மாட்டீர்கள். வலி ஆரம்பித்ததும் வைத்து, முழுசாக அடங்கும்வரை எடுக்கக் கூடாது. தடவுவது வேறு, அழுத்துவது வேறு. வலி உச்சத்தில் மேலும் கீழும் தடவினால் பலருக்குப் பிடிக்காது.

இன்னொரு முறை, இரண்டு பக்கப் பிட்டத்தின் சதைப்பகுதியிலும் உள்ளங்கையை வைத்து, நடுவை நோக்கியும் கொஞ்சம் மேல்நோக்கியும் நெருக்குவது. பிள்ளை முதுகைக் காட்டாமல் முகத்தை வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தால் வலி முழுக்க முதுகில் இறங்கும். அப்போது இது நன்றாகக் கேட்கும். எவ்வளவு பலம் என்பதை வீட்டில் பழகும்போதே அவள் சொல்லட்டும். ஆனால் நிஜ வலியில் அதைவிட இரண்டு மடங்கு கேட்பாள். வயிற்றை மட்டும் யாரும் அழுத்தக் கூடாது.

"என்னால முடியல, ஆபரேஷன் பண்ணச் சொல்லு" என்று அவள் அழுதால் நான் என்ன செய்ய?

பெரும்பாலும் எட்டு சென்டிமீட்டருக்குமேல் திறக்கும் நேரத்தில் இதைச் சொல்வார்கள். கைகால் நடுங்கும், வாந்தி வரும், தொட்டால் எரிந்து விழுவார்கள், "வீட்டுக்குப் போறேன்" என்று இறங்கப் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று பெரும்பாலும் அர்த்தம். இது தெரியாத துணை பயந்து, மருத்துவரிடம் ஓடி, "தாங்க மாட்டா சார், எடுத்துருங்க" என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"பொறுத்துக்கோ" என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவள் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். கேள்வியும் கேட்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குப் பதில் உறிஞ்சுகுழலை உதட்டருகே வைத்தால், வேண்டுமென்றால் குடிப்பாள். முகத்துக்கு நேரே வந்து, கையைப் பிடித்து, சின்னச் சொற்கள்: "என்னைப் பாரு. ஊது. இன்னும் ஊது. போயிருச்சு." அடுத்த வலியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

"வெளிக்கு வருது" என்று சொன்னால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தலை இறங்கி அழுத்தும்போது அப்படித்தான் தோன்றும். தனியாகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

அவள் வலிமருந்து வேண்டும் என்று முன்பே முடிவெடுத்திருந்தால் விஷயம் வேறு. நடுவில் புதிதாகக் கேட்டாலும் கொடுக்கச் சொல்வதில் தோல்வி ஒன்றும் இல்லை. சில தம்பதிகள் ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்கிறார்கள். "முடியல" என்றால் கூட நில், "முருங்கைக்காய்" என்றால் நிஜமாகவே மருந்து கேள். சிரிப்பாக இருக்கும், ஆனால் குழப்பம் வராது.

முக்குவதையும் ஒத்திகை பார்க்கலாமா?

மூச்சைப் பிடித்து நிஜமாக முக்கிப் பார்க்கக் கூடாது. பழக வேண்டியது இரண்டு. ஒன்று, ஒருக்களித்துப் படுத்து மேல் தொடையைத் தூக்கிப் பிடிப்பது, அல்லது முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து முகவாயை நெஞ்சோடு சேர்ப்பது. துணை எந்தப் பக்கம் நிற்பது, கால் எங்கே என்பது இதில் தெரிந்துவிடும். இன்னொன்று, நிறுத்துவது. தலை வெளியே தெரியும் நேரத்தில், "முக்காதீங்க, ஊதுங்க" என்பார்கள். தோல் மெதுவாக விரிந்தால் கிழிசல் குறையும். வெயிலில் நாய் இளைப்பதுபோலக் குட்டிக் குட்டியாக ஊத வேண்டும். முக்க வேண்டும் என்ற உந்துதலுக்கு எதிராக ஊதுவது கஷ்டம், அதனால்தான் முன்பே பழக வேண்டும். அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் "முக்கு, முக்கு" என்று கத்துவது நம் ஊர் வழக்கம். துணை அந்தக் கூட்டத்தில் ஐந்தாவது ஆளாகச் சேர வேண்டாம். சிஸ்டர் சொல்வதை அவள் காதில் ஒருமுறை மெதுவாகச் சொன்னால் போதும்.

ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். நான் உள்ளே போகலாமா?

போகலாம். தலைமாட்டில் நில்லுங்கள், அங்கிருந்து அவள் முகம்தான் தெரியும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நெடுநேரம் நிற்காதீர்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் தரையில் உட்காருங்கள். நின்றபடி விழுந்து மண்டையில் தையல் போட்டுக்கொண்ட அப்பாக்கள் உண்டு. உள்ளே போக மனமே இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அக்காவோ அம்மாவோ பழகிக்கொள்ள நாள் வேண்டுமே.

முதுகில் மெல்லிய குழாய் வழியாக வலிமருந்து தரும் எபிடியூரல் போட்டால் துணைக்கு வேலை இல்லைதானே?

இருக்கிறது. இடுப்புக்குக் கீழே மரத்திருப்பதால் அவள் தானாகத் திரும்புவது கஷ்டம். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், கால்களுக்கு நடுவே தலையணை வைத்து. உங்கள் ஆஸ்பத்திரியில் இரவிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா என்று முன்பே கேளுங்கள். பல ஊர்களில் அது பகல்நேர வசதி மட்டும்தான்.

கடைசியில் சிசேரியன் ஆகிவிட்டால் ஒத்திகை எல்லாம் வீண்தானா?

முதுகில் ஊசி போடும்போது வளைந்து அசையாமல் உட்கார வேண்டும், அங்கே காபி ஊதும் மூச்சு கைகொடுக்கும். ஒத்திகை நாள்களில் இன்னும் இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுவது. இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்வது. தையல் போட்ட பிறகு முதல் மூன்று நாளுக்கு இதன் அருமை தெரியும்.

கணவருக்கும் ஒரு வேலை உண்டு. அவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆஸ்பத்திரி சம்மதித்தால், சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு தோல்படச் சேர்த்து, மேலே துணி போர்த்தி வைத்திருக்கலாம். பிள்ளையின் சூடு குறையாது. பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

இதற்கு ஆயிரம் பட்டியல் கிடைக்கும். எல்லோரும் மறக்கிறதை மட்டும் சொல்கிறேன்: கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார் எல்லாம் ஒரே உறையில், வளைகிற உறிஞ்சுகுழல், தலைமுடி கட்ட ரப்பர், துணைக்கு வருபவருக்குச் சாப்பாடும் மாற்றுச் சட்டையும். நகையை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

பிள்ளை பிறந்த பிறகு என்ன ஒத்திகை வேண்டியிருக்கிறது?

முதல் ஒரு மணி நேரத்துக்கு வேண்டும், அதுவும் அவளோடு இல்லை, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களோடு. பிள்ளை அழுதுவிட்டு நன்றாக இருந்தால், துடைத்து நேராக அம்மாவின் மார்பில் போடலாம். தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது கழித்து வெட்டலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் தாத்தாவோ அத்தையோ சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ எடுத்துக்கொண்டு வருவார்கள். தேனில் பச்சைப்பிள்ளைக்கு ஆபத்தான கிருமி இருக்கலாம், ஒரு வயதுவரை தேனே கூடாது. சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பினால் பிள்ளை மார்பைத் தேடாது.

அங்கே நின்று பெரியவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல யாராலும் முடிவதில்லை. முன்கூட்டியே வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டும், அதுவும் அவரவர் பக்கத்துப் பெரியவரிடம் அவரவர். ஒரு வீட்டில் கணவர் தன் அப்பாவிடம் போய், "சேனை நீங்கதாம்பா வைக்கணும், ஆனா முதல் சொட்டு சீம்பாலா இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பிறந்ததும் தாத்தா சுத்தமாகக் கைகழுவி வந்து, மருமகள் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுத்த இரண்டு சொட்டைப் பாலாடையில் எடுத்துப் பேத்தியின் உதட்டில் வைத்தார்.